ரீஃபண்ட் வராமல் நிற்கிறதா? கோலாலம்பூரில் இருந்துகொண்டு நாம் செய்யும் தவறுகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் பலருக்கு ஊர் வங்கியில் ஒரு எஃப்டி இருக்கும். அது வெளிநாடு வாழ்பவருக்கான என்ஆர்ஓ கணக்கில் இருந்தால் வட்டியில் 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீதம் செஸ்ஸும் டிடிஎஸ் ஆகப் பிடிப்பார்கள். கூட்டினால் 31.2 சதவீதம். வட்டி 2,00,000 ரூபாய் என்றால் 62,400 ரூபாய் போய்விடும். இந்தியாவில் வேறு வருமானம் இல்லாதவருக்கு அந்தத் தொகைக்கு வரியே கிடையாது என்பதால் ரிட்டர்ன் போட்டால் முழுவதும் திரும்ப வர வேண்டும். வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் வங்கிக் கணக்குதான். இங்கே சொல்வதெல்லாம் இந்திய வருமான வரி பற்றியது. மலேசிய வரித்துறையான எல்எச்டிஎன் தரும் ரீஃபண்டுக்கு இந்தச் சடங்குகள் இல்லை.

முதல் தவறு, நிலையைப் பாதி மட்டும் பார்ப்பது. `incometax.gov.in` தளத்தில் நுழைந்து `e-File > Income Tax Returns > View Filed Returns` போனால் `Processed with refund due` என்று தெரியும். அதைப் பார்த்ததும் பணம் கிளம்பிவிட்டது என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். உங்களுக்குப் பணம் தர வேண்டியிருக்கிறது என்று வரித்துறை ஒப்புக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அதே வரியில் `View Details` அழுத்தினால்தான் பணம் அனுப்பப்பட்டதா, பழைய பாக்கிக்குக் கழிக்கப்பட்டதா, திரும்பி வந்துவிட்டதா என்பது தெரியும். அனுப்பிய பணம் கணக்கில் ஏற வழக்கமாக 4 முதல் 5 வாரம் ஆகும். அதுவரை பொறுக்கலாம். `Refund Failed` என்று இருந்தால் பொறுப்பதில் பயனில்லை, பணம் தானாக மறுபடி கிளம்பாது.

அடுத்து எல்லோரும் செய்வது, உடனே ரீஃபண்டை மறுபடி அனுப்பச் சொல்லி விண்ணப்பிப்பது. கணக்கு சரியாகாமல் இதைச் செய்து ஒன்றும் ஆகாது. முதலில் `My Profile` பக்கத்தில் `My Bank Account` பகுதியைத் திறந்து கணக்கின் நிலையைப் பாருங்கள். தோல்வியடைந்த கணக்குகள் தனித் தாவலில் இருக்கும், காரணமும் சுருக்கமாகப் போட்டிருக்கும். அந்த ஒரு வரியைப் படிக்காமலே `Re-validate` பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பவர்கள் நிறைய. வங்கியில் எதையும் மாற்றாமல் எத்தனை முறை அழுத்தினாலும் அதே பதில்தான் வரும், ஏனென்றால் சரிபார்ப்பது வங்கி வைத்திருக்கும் பதிவை.

நம்மவர்களுக்கு அதிகம் வரும் சிக்கல் பெயர். கார்த்திக் என்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். மதுரையில் கல்லூரிக் காலத்தில் திறந்த கணக்கில் அவர் பெயர் S KARTHIK. பான் விண்ணப்பத்தில் இனிஷியல் போடக் கூடாது என்பதால் அப்பா பெயரை விரித்து எழுத, அட்டையில் KARTHIK SUBRAMANIAN என்று வந்துவிட்டது. பாஸ்போர்ட்டிலும் அப்படியே. பாங்சார் சவுத்தில் வேலை கிடைத்து வந்த பிறகு, கணக்கை என்ஆர்ஓவாக மாற்றினார். வங்கி அவருக்குப் புதிய வாடிக்கையாளர் எண்ணும் புதிய கணக்கு எண்ணும் தந்தது. பெயர் மட்டும் பழைய S KARTHIK ஆகவே போனது. பான் எண் பழைய வாடிக்கையாளர் எண்ணில் இருந்தது, புதியதில் ஏறவில்லை. வரித்தளத்திலோ இன்னும் பழைய சேமிப்புக் கணக்குதான், ஒரு காலத்தில் `Validated` ஆனது. அந்தக் கணக்கு மூடப்பட்டதால் ரீஃபண்ட் திரும்பிப் போனது.

கார்த்திக் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும்? முதலில் வங்கி. என்ஆர்ஓ கணக்கில் பான் எண்ணைச் சேர்க்கவும், பெயரைப் பானில் உள்ளபடி மாற்றவும் கேஒய்சி படிவம் கொடுக்க வேண்டும். நேரில் போக முடியாதவரிடம் வங்கிகள் பாஸ்போர்ட், விசா நகல்களில் இந்தியத் தூதரகத்தின் அல்லது நோட்டரியின் சான்றைக் கேட்பது வழக்கம். எது செல்லும் என்று கிளைக்கு மின்னஞ்சலில் கேட்டுக்கொண்டு கூரியர் அனுப்புவது நல்லது. பான் அட்டையை மாற்றி வங்கிப் பெயரோடு பொருத்தலாமே என்று சிலர் யோசிப்பார்கள். நான் அதைச் சொல்லமாட்டேன். பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிற ஆவணத்தைக் கலைத்தால் இன்னொரு இடத்தில் இடிக்கும்.

வங்கி திருத்தியதை உறுதி செய்துகொண்ட பிறகே வரித்தளம். பழைய கணக்கை நீக்கிவிட்டு, புதியதைச் சேர்க்கும்போது வகையைச் `Savings` என்று விடாமல் `Non Resident Ordinary` என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கணக்கு எண் மாறாமலே என்ஆர்ஓ ஆனவர்களும் வகையைத் திருத்த வேண்டும். பதில் வர 10 முதல் 12 வேலை நாட்கள் ஆகலாம் என்கிறது தளம். `Validated` என்று வந்ததும் `Nominate for Refund` சுவிட்சையும் போட வேண்டும். இதை மறந்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு.

பெயரெல்லாம் சரியாக இருந்தும் தோற்றால் ஐஎஃப்எஸ்சியைப் பாருங்கள். கரூரின் லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது; LAVB என்று தொடங்கிய குறியீடுகள் DBSS ஆகின. பழைய காசோலைப் புத்தகத்தைப் பார்த்து எண்ணை அடித்தால் மாட்டிக்கொள்வோம்.

இங்குள்ள மேபேங்க் கணக்கைப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். ஐஎஃப்எஸ்சி இல்லாத கணக்கை இந்தப் பகுதியில் சேர்க்கவே முடியாது. இந்தியாவில் கணக்கே இல்லாத வெளிநாடு வாழ்பவருக்கு ரிட்டர்ன் படிவத்திலேயே வெளிநாட்டுக் கணக்கு எழுத இடம் உண்டு, ஆனால் என்ஆர்ஓ வைத்திருப்பவருக்கு அந்த வழி வேண்டியதில்லை. கோலாலம்பூரில் உள்ள இந்தியா இன்டர்நேஷனல் பேங்க் போய் ஊர்க் கணக்கைத் திருத்தலாம் என்பதும் வீண் அலைச்சல். இந்திய வங்கிகள் சேர்ந்து தொடங்கியதுதான், என்றாலும் மலேசியாவில் பதிவான தனி வங்கி அது.

இன்னொரு குழப்பம் `EVC`. கணக்கில் இருக்கும் கைபேசி எண்ணும் வரித்தளத்தில் இருக்கும் எண்ணும் வேறாக இருந்தால், அந்தக் கணக்கை வைத்து ஆன்லைன் சரிபார்ப்புக் குறியீடு வாங்க முடியாது. அதற்கும் ரீஃபண்டுக்கும் சம்பந்தமில்லை. வெறும் `Validated` போதும். இது தெரியாமல், காலாவதியான இந்திய சிம்மை உயிர்ப்பிக்க அலைகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஆனால் அடுத்த படிக்கு ஏதோ ஒரு வழியில் ஓடிபி வேண்டும், அது உண்மை. நெட் பேங்கிங் வழியாக வரித்தளத்தில் நுழைய உங்கள் வங்கி இடம் தருகிறதா என்று பாருங்கள்.

கணக்கு சரியானதும் `Services > Refund Reissue` போய், அந்த ரிட்டர்னைத் தேர்ந்து, புதிய கணக்கைக் குறித்து, இ-வெரிஃபை செய்து அனுப்ப வேண்டும். வெரிஃபை செய்யாமல் விட்டால் விண்ணப்பம் கணக்கில் வராது. இத்தனைக்கும் பிறகு பணம் வரவில்லை என்றால் உங்கள் பான் செயலற்றதாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். ஆதாரோடு இணைக்காத பான்கள் 2023 ஜூலை 1 முதல் செயலற்றவை ஆயின, அவற்றுக்கு ரீஃபண்ட் கிடையாது. வெளிநாடு வாழ்பவருக்கு விலக்கு உண்டு, ஆனால் தளத்தில் நீங்கள் இன்னும் இந்தியாவில் வசிப்பவராகவே பதிவாகியிருந்தால் அந்த விலக்கு உங்களுக்கு எப்படிக் கிடைக்கும்? குடியிருப்பு நிலையை மாற்றி, உங்கள் பானுக்குரிய வரி அதிகாரிக்கும் பாஸ்போர்ட் நகலோடு எழுதுங்கள்.

ரீஃபண்டோடு மாதத்துக்கு அரை சதவீத வட்டி சேர்ந்து வரலாம். நம் பக்கத் தாமதத்துக்கான காலத்தை அதில் கழித்துவிடுவார்கள். அந்த வட்டி வருமானம், பணம் வந்த ஆண்டின் ரிட்டர்னில் காட்ட வேண்டும்.