திருகோணமலைக்குப் புதிதாக வருவோருக்கு: வங்கி வங்குரோத்தானால் உங்கள் வைப்பில் எவ்வளவு கைக்கு வரும்?

தமிழ்நாட்டில் இருபது முப்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பும் குடும்பங்களும், வேலைக்காகத் தமிழகத்திலிருந்து இங்கு வருபவர்களும், கையில் ஒரு தொகைப் பணத்தோடு வருகிறார்கள். காணியோ வீடோ அமையும்வரை அந்தப் பணத்தை எங்கே வைப்பது என்பதே அவர்கள் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி. பெரும்பாலும் அவர்கள் கேட்பது வட்டி வீதத்தைப் பற்றித்தான். பணத்தை வாங்கிக்கொள்ளும் நிறுவனம் வங்குரோத்தாகிவிட்டால் அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் அதே மூச்சில் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அனுராதபுரச் சந்திக்கு அருகில் வசிக்கும் ஓர் அக்கா, திருச்சியிலிருந்து திரும்பி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தபோது, தன் நிலையான வைப்புச் சான்றிதழ்கள் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துவந்து என் மேசையில் பரப்பினார். ஒன்று திருகோணமலைக் கிளையில் 12 இலட்சம் ரூபா, ஒன்று மட்டக்களப்புக் கிளையில் 9 இலட்சம், மற்றது கொழும்புக் கிளையில் 10 இலட்சம். "மூண்டு ஊரிலயும் பிரிச்சுத்தான் தம்பி போட்டிருக்கிறன், ஒண்டு போனாலும் மற்றது ரெண்டும் இருக்கும்" என்றார். மூன்று சான்றிதழ்களின் தலைப்பிலும் ஒரே நிதிக் கம்பனியின் பெயர்தான் இருந்தது.

அவர் பிரித்து வைத்ததாக நினைத்த அந்த 31 இலட்சமும் வைப்புக் காப்புறுதியின் கண்ணில் ஒரே வைப்புத்தான். இலங்கை வைப்புக் காப்புறுதித் திட்டம், ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் உள்ள எல்லா வைப்புகளையும், அவை எந்தக் கிளையில் இருந்தாலும், சேமிப்புக் கணக்காக இருந்தாலும் நிலையான வைப்பாக இருந்தாலும், சேர்ந்துவிட்ட வட்டியோடு கூட்டி, உச்சமாக 11 இலட்சம் ரூபா வரை இழப்பீடு வழங்குகிறது. கிளைகள் ஒவ்வொன்றாக வங்குரோத்தாவதில்லை. நிறுவனத்தின் உரிமம் இரத்தாகும்போது எல்லாக் கிளைகளும் ஒன்றாகவே மூடப்படும். ஆகவே அக்காவின் கம்பனி வங்குரோத்தானால் 11 இலட்சம் காப்புறுதியிலிருந்து வரும். மீதி 20 இலட்சத்திற்கு அவர் கம்பனிக்குக் கடன் கொடுத்தவர்களில் ஒருவராகிக் காத்திருக்க வேண்டும். கம்பனியின் சொத்துகள் விற்கப்பட்டு அதில் எவ்வளவு தேறுகிறதோ, அதுவும் எத்தனை ஆண்டுகள் கழித்தோ, அவ்வளவுதான் கிடைக்கும்.

இந்தக் காப்புறுதிக்காக நீங்கள் விண்ணப்பிக்கவோ பணம் கட்டவோ தேவையில்லை. கட்டுப்பணத்தை வங்கிகளும் நிதிக் கம்பனிகளுமே செலுத்துகின்றன; இலங்கை மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வர்த்தக வங்கி, விசேடமயப்படுத்தப்பட்ட வங்கி, நிதிக் கம்பனி ஆகியவை அனைத்தும் கட்டாயமாக இதில் அங்கத்தவர்கள். 2010 ஒக்டோபரில் திட்டம் தொடங்கியபோது உச்சவரம்பு 2 இலட்சமாக இருந்தது. பின்னர் படிப்படியாக உயர்ந்து, 2021 ஏப்ரலிலிருந்து 11 இலட்சமாக உள்ளது. பெரிய வைப்பு ஒன்றை இடுவதற்கு முன் அப்போதைய உச்சவரம்பை மத்திய வங்கியிடமே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் ஒன்று திருகோணமலையிலேயே இருப்பதால் இதற்காகக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை.

தமிழகத்திலிருந்து வருபவர்கள் அதிகம் தவறுவது கூட்டுறவு விடயத்தில்தான். இந்தியாவில் கூட்டுறவு வங்கிகளும் வைப்புக் காப்புறுதியின் கீழ் வருகின்றன. அங்கே 2020 பெப்ரவரியிலிருந்து ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 இலட்சம் இந்திய ரூபா வரை பாதுகாப்பு உண்டு. அந்தப் பழக்கத்தில், இங்கே கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கியிலும் அதே பாதுகாப்பு இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். இலங்கையில் கூட்டுறவுச் சங்கங்களும் அவற்றின் கிராமிய வங்கிகளும் மத்திய வங்கியின் உரிமத்தின் கீழ் இயங்குபவை அல்ல. அதனால் வைப்புக் காப்புறுதி அவற்றுக்கு இல்லை. நுண்நிதி நிறுவனங்களுக்கும், அறிமுகமானவர்கள் நடத்தும் சீட்டுக்கும் இதே நிலைதான். அவை கெட்டவை என்று நான் சொல்லவில்லை, கிராமங்களில் அவசரத்துக்குக் கைகொடுப்பவை அவைதான். ஆனால் வீடு வாங்க வைத்திருக்கும் பணம் முழுவதையும் அங்கே வைக்கலாகாது.

வங்கியின் கருமபீடத்திலேயே விற்கப்படுவதால் மட்டும் ஒன்று வைப்பாகிவிடாது. தொகுதிக்கடன், அலகு நம்பிக்கை நிதியம், பங்கு ஆகியவை முதலீடுகள். அவற்றைக் காப்புறுதி பார்ப்பதில்லை. தாளில் கையெழுத்திடும் முன், "இது வைப்பா, முதலீடா?" என்று கேட்டு, பதிலைச் சான்றிதழிலேயே வாசித்துப் பாருங்கள்.

வைப்பு உள்ள இடத்திலேயே கடனும் எடுத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. இழப்பீடு, நீங்கள் அந்த நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டியதைக் கழித்த பின்னரே தரப்படும். 10 இலட்சம் வைப்பும் அதே இடத்தில் 4 இலட்சம் கடன் நிலுவையும் இருந்தால், கைக்கு வருவது 6 இலட்சம். மேலும், கடனுக்குப் பிணையாக வைத்த வைப்பு காப்புறுதிக்கு உட்பட்ட வைப்பாகவே கொள்ளப்படுவதில்லை. சொந்த வைப்பை ஈடு வைத்து முச்சக்கரவண்டியோ மோட்டார் சைக்கிளோ வாங்குபவர்கள் இதை அறிந்தே செய்ய வேண்டும்.

காப்புறுதி உண்டு என்பதால் பணம் மறுநாளே கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். ஈ.ரி.ஐ. ஃபினான்ஸ் நிறுவனத்தின் மீது மத்திய வங்கி 2018 ஜனவரியில் கட்டுப்பாடுகளை விதித்தது. அதன் உரிமம் இரத்துச் செய்யப்பட்டது 2020 ஜூலையில்தான். காப்புறுதி இழப்பீடு உரிமம் இரத்தானதன் பின்னரே வரும் என்பதால், இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகள் வைப்பாளர்களுக்கு முடக்கத்தின் காலமாகவே கழிந்தன. அதே 2020 மே மாதத்தில் த ஃபினான்ஸ் கம்பனியின் உரிமமும் இரத்தானது. அப்போது உச்சவரம்பு 6 இலட்சமாக இருந்தது, இழப்பீடு மக்கள் வங்கிக் கிளைகளூடாக வழங்கப்பட்டது. பணத்தைப் பல நிறுவனங்களில் பிரித்து வைப்பதன் முழுப் பயன் இங்கேதான் விளங்கும்: உச்சவரம்புக்கு உள்ளே இருக்கும் பணம்கூடச் சில காலம் முடங்கிக் கிடக்கலாம், அந்தக் காலத்தில் அரிசிக்கும் பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கும் இன்னொரு வங்கியில் பணம் இருக்க வேண்டும்.

கவனித்துப் பார்த்தால், முடக்கத்துக்கு முன்னரே சில அறிகுறிகள் தெரியும். முதிர்ச்சியடைந்த வைப்பைக் கொடுக்காமல் "இன்னும் மூன்று மாதம் புதுப்பியுங்கள்" என்று வற்புறுத்துவதும், மாத வட்டி சொன்ன நாளில் வராமல் இழுபடுவதும், ஊரில் வேறு எவரும் தராத வட்டியை ஒரு நிறுவனம் மட்டும் தருவதாகச் சொல்வதும் அத்தகையவை. இவற்றில் ஒன்றைக் கண்டாலே முதிர்ச்சித் தேதி வந்தவுடன் பணத்தை எடுத்துவிடுவேன்.

அக்காவுக்கு வருவோம். அவர் அந்தக் கம்பனியைத் தெரிந்தெடுத்ததற்கு ஒரே காரணம், வங்கியைவிட ஒன்றரை சதவீதம் கூடுதலாக வட்டி தந்ததுதான். 31 இலட்சத்திற்கு ஒன்றரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு 46,500 ரூபா. அந்தத் தொகைக்காக 20 இலட்சம் காப்பில்லாமல் நிற்கிறது. கம்பனி வங்குரோத்தாகி அந்த 20 இலட்சமும் போனால், கூடுதல் வட்டியைக்கொண்டு அதை ஈடுசெய்ய 43 ஆண்டுகள் பிடிக்கும். ஒரு தாளில் இந்தக் கணக்கை எழுதிக் காட்டியபோது அவர் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் செய்த ஏற்பாடு இதுதான். 9 இலட்சத்தை அந்தக் கம்பனியிலேயே விட்டோம், அது உச்சவரம்புக்குள் அடங்குகிறது. 10 இலட்சம் ஒரு வர்த்தக வங்கியில் அவர் பெயருக்கே போனது. ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் என்பதே விதி என்பதால், கணவருக்கும் அதே வங்கியில் தனியாக 11 இலட்சம் வரை பாதுகாப்பு உண்டு. ஆகவே 12 இலட்சத்தில் 9 இலட்சத்தைக் கணவரின் பெயரில் அங்கேயே இட்டோம். இப்படிச் செய்தால் அந்தப் பணம் சட்டப்படி கணவருடையதாகிவிடும் என்பதையும் இருவருக்கும் தெளிவாகச் சொன்னேன். மீதி 3 இலட்சம் அன்றாடச் செலவுக்கும் அவசரத்துக்குமாக தேசிய சேமிப்பு வங்கிக்குப் போனது. அந்த வங்கியின் வைப்புகளுக்கு அதன் சட்டத்தின்படி அரசின் உத்தரவாதமே உண்டு.

11 இலட்சத்தை முழுதாக இடாமல் 10 இலட்சத்தோடு நிறுத்தியது வட்டிக்காகத்தான். 8 சதவீத வட்டியில் 10 இலட்சம் ஓராண்டில் 10 இலட்சத்து 80 ஆயிரமாகும், அது எல்லைக்குள் நிற்கிறது. வட்டியையும் சேர்த்து இரண்டாம் ஆண்டுக்குப் புதுப்பித்தால் 11 இலட்சத்து 66 ஆயிரமாகி எல்லையைத் தாண்டிவிடும். அதனால் வட்டியை அதே வங்கியின் சேமிப்புக் கணக்கில் சேரவிடாமல், வேறு வங்கியின் கணக்குக்கு அனுப்பும்படி படிவத்தில் எழுதிக் கொடுத்தோம்.

இரண்டு நிறுவனங்கள் ஒன்றாக இணைந்தாலும் இதே சிக்கல் வரும். அண்மைய ஆண்டுகளில் பல நிதிக் கம்பனிகள் ஒன்றோடொன்று இணைந்துள்ளன. தனித்தனியாக வைத்திருந்த இரண்டு வைப்புகள் இணைப்புக்குப் பின் ஒரே நிறுவனத்தின் வைப்பாகிவிடும். இணைப்பு பற்றிய கடிதம் வந்தால் அதைக் கிழித்தெறியாமல் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள்.

ஊர் திரும்பியவர்கள் கடவுச்சீட்டை வைத்துக் கணக்குத் திறந்து, பிறகு தேசிய அடையாள அட்டை எடுப்பது வழக்கம். அட்டை கிடைத்தவுடன் அதன் இலக்கத்தையும் அதில் உள்ள பெயரின் எழுத்துகளையும் ஒவ்வொரு வங்கியிலும் பதிவித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் "எஸ். செல்வி" என்றிருந்த பெயர் இங்கே தகப்பன் பெயரோடு நீண்டு வரும், இழப்பீடு வாங்கும் நாளில் சான்றிதழின் பெயரும் அட்டையின் பெயரும் பொருந்தாவிட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

அக்காவின் மூன்று வைப்புகளையும் ஒரே நாளில் உடைக்கவில்லை. முதிர்ச்சிக்கு முன் எடுத்தால் வட்டி குறையும் என்பதால், ஒவ்வொன்றும் முதிரும் தேதியில் மாற்றுவதென்று தீர்மானித்து, தேதிகளைச் சமையலறை நாட்காட்டியில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். கொழும்புச் சான்றிதழ் முதலில் முதிர்ந்தது, திருகோணமலையினது அதற்கு நான்கு மாதம் கழித்து.