இன்னும் ரெண்டே ரெண்டு ஹிடன் கேஸ்தானுங்க!

ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில், சனிக்கிழமைகளில் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு மாதிரி கோடிங் தேர்வு வைத்து வருகிறேன். 90 நிமிடம், 3 கேள்வி. எழுதும் நிரலை, நமக்குக் காட்டாத சில உள்ளீடுகளைக் கொடுத்துத் தளமே சோதிக்கும், அவைதான் ஹிடன் கேஸ். போன வாரம் 50ஆவது நிமிடத்தில் ஒரு தம்பியின் திரையை எட்டிப் பார்த்தேன். முதல் கேள்வியிலேயே உட்கார்ந்திருந்தான். மற்ற இரண்டையும் திறக்கவே இல்லை.

“அடுத்ததுக்குப் போலியா கண்ணு?”

“ரெண்டே ரெண்டு கேஸ்தானுங்கண்ணா நிக்குது. சித்த நேரத்துல முடிச்சர்றனுங்க.”

ஏழு வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனித் தேர்வில் நானும் மனதுக்குள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சார்ஜர், நெட், கேமரா பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

காரணம் தெரியாமல் ஒரு கேஸைத் துரத்துவது

எனக்கு வந்த கேள்வியை நம்மூர்க் கணக்காக மாற்றிச் சொல்கிறேன். ஜவுளிச் சந்தையில் ஒரு கடையின் n வாரத்து லாப நஷ்டம் கொடுத்திருக்கிறார்கள். நஷ்டம் என்றால் மைனஸ். தொடர்ந்து வரும் k வாரங்களில் அதிகபட்ச மொத்தம் எவ்வளவு? n ஒரு லட்சம் வரை போகலாம். ஒவ்வொரு எண்ணும் மைனஸ் 100 கோடியிலிருந்து 100 கோடிக்குள். நான் ஜாவாவில் எழுதியது இது:

```java
int best = 0;
for (int i = 0; i + k <= n; i++) {
    int s = 0;
    for (int j = i; j < i + k; j++) s += a[j];
    best = Math.max(best, s);
}
```

கேள்வியோடு தந்திருந்த மாதிரி உள்ளீடுகள் பாஸ். சப்மிட் செய்ததும் 10 கேஸில் 7 பச்சை, 3 சிவப்பு. அப்புறம் நான் செய்த கூத்துதான் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. `<=` என்பதை `<` ஆக்கினேன். உள்ளீடு வாங்கும் விதத்தை மாற்றினேன். அரேயை ArrayList ஆக்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சப்மிட். 40 நிமிடம் போயிற்று, 7 மட்டும் நகரவே இல்லை.

சிவப்பு என்று பார்த்தேனே தவிர, பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை. இரண்டு கேஸில் நேரம் தாண்டிவிட்டது. ஒன்றில் விடை தப்பு. இவை இரண்டு வேறு நோய்கள், ஒரே மருந்தில் போகாது.

நேரம் தாண்டியதற்கான காரணம் கேள்வித்தாளிலேயே இருக்கிறது. n ஒரு லட்சம், k அதில் பாதி என்று வையுங்கள். சுமார் 50,000 தொடக்கப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் 50,000 கூட்டல். ஆக 250 கோடி கூட்டல். நொடிக்கு சுமார் 10 கோடி எளிய வேலை என்பது சி பிளஸ் பிளஸ், ஜாவாவுக்கு நாங்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. பைதானுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட எதிர்பார்க்கக் கூடாது. அந்தக் கணக்குப்படி சில நொடி வரம்புக்குள் 250 கோடி அடங்காது. `<=` ஐ எப்படித் திருப்பினாலும் அடங்காது. முறையையே மாற்ற வேண்டும்: ஒரு வாரம் நகரும்போது புதிய வாரத்தைச் சேர்த்து, பழையதைக் கழித்தால் போதும்.

தப்பு விடைக்கு வருவோம். ஹிடன் கேஸ் கண்ணுக்குத் தெரியாதுதான், ஆனால் அதை யூகித்து நாமே செய்துகொள்ளலாம். சொந்த உள்ளீடு போட்டு ஓட்டும் பெட்டி பெரும்பாலும் இருக்கும். அதில் எல்லாமே நஷ்டம் என்று கொடுங்கள்: -5, -2, -9, k = 2. விடை -7 வர வேண்டும். என் நிரல் 0 என்கிறது, ஏனென்றால் `best` 0வில் தொடங்குகிறது. அதைத் திருத்திவிட்டு, மூன்று 100 கோடிகளை k = 3 உடன் கொடுங்கள். 300 கோடிக்குப் பதில் -1294967296 வரும். `int` சுமார் 214 கோடி வரைதான் தாங்கும், அதற்கு மேல் போனால் சுற்றிக்கொண்டு மைனஸுக்குப் போய்விடும். பைதானில் இந்தத் தொல்லை இல்லை.

```java
long s = 0;
for (int i = 0; i < k; i++) s += a[i];
long best = s;
for (int i = k; i < n; i++) {
    s += a[i] - a[i - k];
    best = Math.max(best, s);
}
```

இதை எழுத 5 நிமிடம். நான் 40 நிமிடம் கொடுத்தும் எழுதவில்லை. காரணம் தேடாமல் கையை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கச் சொல்கிறேன்: ஏன் விழுகிறது என்று ஒரு வரியில் சொல்ல முடியுமா? “k பெரிதாக இருந்தால் 250 கோடி கூட்டல், அதனால்” என்று சொல்ல முடிந்தால் அங்கேயே இருந்து திருத்துங்கள். “எங்கேயோ ஏதோ இடிக்குதுங்க” என்றால் 10 நிமிடம் கொடுங்கள். நிரலைத் தொடாமல் வரம்புகளைப் படியுங்கள், n = 1, k = n, எல்லாம் மைனஸ், எல்லாம் உச்ச எண் என்று நான்கைந்து உள்ளீடு போடுங்கள். பிடிபடவில்லையா, விட்டுவிட்டு நகருங்கள். திரும்பி வரும்போது பல நேரம் முதல் பார்வையிலேயே பிடிபட்டுவிடும்.

அன்றைக்கு 3ஆவது கேள்வியை நான் திறந்தபோது 9 நிமிடம் மிச்சம். எந்தச் சொல் அதிக முறை வருகிறது என்று எண்ணும் கேள்வி. ஒரு HashMap போதும், 15 நிமிட வேலை. பாதி எழுதும்போதே நேரம் முடிந்தது. வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் அதே வெசனம்.

முதல் கேள்விதான் சுலபம் என்று நம்புவது

வரிசைக்கும் கடினத்துக்கும் தொடர்பு இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. முதல் 6, 7 நிமிடத்தில் மூன்றையும் படித்துவிடுங்கள், முக்கியமாக n எவ்வளவு வரை என்ற வரியை. n 1,000க்குள் என்றால் இரட்டை லூப் போதும்.

மதிப்பெண் விதியைப் படிக்காமல் தொடங்குவது

கேஸுக்குக் கேஸ் மார்க் என்றால், சாதாரண இரட்டை லூப்பே சின்ன கேஸ்களில் பாஸாகிப் பாதி மார்க் வாங்கித்தரும். காலியாக விடாதீர்கள். எல்லா கேஸும் பாஸானால்தான் மார்க் என்ற தேர்வில் கணக்கு வேறு: அங்கே 8இல் நிற்கும் ஒன்றை 10 ஆக்குவதுதான் லாபம், மூன்று அரைகுறைகள் சேர்ந்தாலும் பூஜ்யம். சில தேர்வுகளில் சப்மிட் செய்தாலும் ஹிடன் கேஸின் முடிவு கடைசி வரை தெரியாது. அங்கே மேலே சொன்ன உள்ளீடுகளை ஒவ்வொரு கேள்விக்கும் முதலிலேயே போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மாதிரி உள்ளீடு பாஸானதும் துள்ளுவது

அது கேள்வி புரிந்ததா என்று பார்க்க மட்டும்தான்.

கடைசி 5 நிமிடத்தில் ஓடுகிற நிரலில் கை வைப்பது

சில தளங்களில் கடைசியாகச் சப்மிட் செய்ததுதான் கணக்கு. 8 வாங்கியது 3 ஆன கதையை அந்தத் தம்பியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.