வீரபத்ராசனம்: பின்கால் மடங்குவது ஏன்?

ஒரு காலை முன்னால் மடக்கி, மற்றக் காலைப் பின்னால் நேராக நீட்டி நிற்கும் வீரபத்ராசனத்தின் முதல் நிலையில் எல்லாருடைய கண்ணும் முன்காலில்தான் இருக்கும். முழங்கால் 90 டிகிரிக்கு மடங்கியதா, தொடை தரைக்கு இணையாக வந்ததா என்று பார்ப்பார்கள். இதற்குள் பின்னால் இருக்கும் கால் லேசாக மடங்கி, குதிகால் தூக்கி, பாதத்தின் உள்வளைவு தரையில் சரிந்திருக்கும். இந்த ஆசனத்தில் முழங்காலுக்கும் கீழ்முதுகுக்கும் வரும் தொந்தரவு பெரும்பாலும் அந்தப் பின்காலில்தான் ஆரம்பிக்கிறது.

முதல் தவறு, அளவுக்கு மீறி அகலமாக நிற்பது. சுமார் 4 அடி இடைவெளி விடுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த அகலம் உடம்பிடம் என்ன கேட்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு இடுப்பு மூட்டிலிருந்து தரை வரை 88 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதில் தரையிலிருந்து முழங்கால் வரை 46, தொடை 42. முன்தொடை தரைக்கு இணையாக வந்துவிட்டால் இடுப்பு மூட்டும் தரையிலிருந்து 46 செ.மீ. உயரத்துக்கு இறங்கிவிடும். பின்கால் நேராகவே இருக்க வேண்டுமானால் அது சுமார் 75 செ.மீ. பின்னால் போய் ஊன்ற வேண்டும். இரண்டு பாதங்களுக்கும் நடுவே மொத்தம் 117 செ.மீ., அதாவது 4 அடிக்குச் சற்றுக் குறைவு. பின்கால் செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 58 டிகிரி சாய்ந்திருக்கும்.

பலருக்குத் தொடை நேராகப் பின்னால் போவது சுமார் 20 டிகிரி வரைதான். இடுப்பு மூட்டின் முன்பக்கம் குறுக்கே ஓடும் தடித்த தசைநார் அதற்கு மேல் விடாது. மீதிக் கிட்டத்தட்ட 40 டிகிரியை வேறு எங்கிருந்தாவது கொண்டுவந்தாக வேண்டும். இடுப்பு பக்கவாட்டில் திரும்பும், கீழ்முதுகு உள்ளே வளையும், அல்லது பின்முழங்கால் மடங்கும். பயிற்சி போதாததால்தான் கால் மடங்குகிறது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அதே ஆள் தொடையை முழுக்க இறக்காமல், இடுப்பை 70 செ.மீ. உயரத்தில் நிறுத்தினால் இடைவெளி சுமார் 88 செ.மீ. போதும். பின்காலின் சாய்வு 37 டிகிரியாகக் குறையும். ஒரு அடி குறைத்ததில் ஆசனம் சின்னதாகத் தெரியலாம், ஆனால் இடுப்பும் முழங்காலும் தத்தம் வேலையைச் செய்ய அங்கே இடம் இருக்கிறது.

அடுத்தது இடுப்பைத் திருப்புவது. இந்த ஆசனத்தில் அதிகம் கேட்கும் கட்டளை 'இடுப்பை முன்னால் திருப்பு' என்பதுதான். பின்பாதம் சுமார் 45 டிகிரி வெளிப்பக்கம் பார்த்தபடி தரையில் அழுந்தியிருக்கிறது. அது நகராது. மேலே இடுப்பை வலுக்கட்டாயமாக முன்னுக்குத் திருப்பினால் தொடை எலும்பும் உள்பக்கம் சுழலும். பாதம் ஒரு திசை, தொடை இன்னொரு திசை. நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால்.

முழங்கால் முழுக்க நேராக இருக்கும்போது அதன் தசைநார்கள் இறுகி, அந்த மூட்டில் சுழற்சி கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும். கொஞ்சம் மடங்கிவிட்டால் அந்தப் பூட்டு தளர்ந்து, முழங்காலுக்குக் கீழ் உள்ள எலும்பு தனியாகத் திரும்பத் தொடங்கும். ஆகவே பின்காலை நேராக வைக்கச் சொல்வது அழகுக்காக இல்லை. முழங்காலின் உட்பக்கத்தில் சுருக்கென்று இழுத்தால் திருகல் அங்கே போய்விட்டது என்று புரிந்துகொள்ளுங்கள். அப்போதே திருப்புவதை விட்டுவிட வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. பின்முழங்காலின் சில்லும் அந்தப் பாதத்தின் இரண்டாவது விரலும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். சில்லு உள்பக்கம் ஓடியிருந்தால் இடுப்பைத் திருப்பியது அதிகம். சில்லு விலகாத வரை எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு போதும். இடுப்பெலும்பின் இரண்டு முன்முனைகளும் முன்சுவரிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கயிற்றின் மேல் நிற்பதுபோல் இரண்டு குதிகாலையும் ஒரே கோட்டில் வைக்காமல், பாதங்களைப் பக்கவாட்டில் ஒரு சாண் விலக்கி வைத்தால் இடுப்பு தானாகவே இன்னும் கொஞ்சம் திரும்பும்.

சரி, காலை நேராக வைத்திருப்பது எது? முக்கியமாகத் தொடையின் முன்பக்கத் தசை, குவாட்ரிசெப்ஸ். இது இறுகும்போது முழங்கால் சில்லு மேலே இழுபடும். கூடவே புட்டத்தின் பெரிய தசை தொடையைப் பின்னுக்கு இழுக்கிறது. பாதம் தரையில் ஊன்றியிருப்பதால் அந்த இழுப்பும் முழங்காலை நிமிர்த்த உதவுகிறது. எதிர்ப்பக்கம் இழுப்பது கெண்டைக்கால் தசை. அது முழங்காலுக்கு மேலே தொடங்கிக் குதிகாலில் முடிகிறது. அது இறுக்கமாக இருப்பவருக்குக் குதிகாலை அழுத்தினால் முழங்கால் மடங்கும், முழங்காலை நிமிர்த்தினால் குதிகால் தூக்கும். பாதத்தை இன்னும் முன்னோக்கித் திருப்பினால் இடுப்புக்கு நல்லதுதான், ஆனால் கெண்டைக்காலுக்கு இழுப்பு கூடிவிடும். இப்படிப்பட்டவர்கள் பிடிவாதம் பிடிக்காமல் குதிகாலுக்கடியில் 2 அல்லது 3 செ.மீ. உயரத்துக்கு மடித்த போர்வையை வைத்து, அதை அழுத்தி நிற்கலாம்.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. கால் நேராக இருப்பதும் முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிக்கொள்வதும் ஒன்றல்ல. கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும், கைக்குத்தான் வித்தியாசம் தெரியும். பின்முழங்கால் சில்லை இரண்டு விரலால் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். அது லேசாக ஆடினால் தசை தூங்குகிறது, எடை முழுக்க மூட்டின் பின்பக்கம் தொங்குகிறது என்று அர்த்தம். ஆடாமல் கெட்டியாக நின்றால் தசை வேலை செய்கிறது. மூட்டுகள் இயல்பிலேயே நெகிழ்ந்தவர்கள் ஒரு மயிரிழை தளர்த்திவிட்டுச் சில்லை மேலே இழுக்க வேண்டும். பாதத்தின் வெளி விளிம்பை அழுத்தினால் உள்வளைவு சரியாது. முழங்காலும் உள்ளே விழாது.

கைகளை மேலே தூக்கியதும் கீழ்முதுகில் கிள்ளுவதுபோல் வலித்தால், தொடை பின்னால் போகக்கூடிய எல்லை தீர்ந்துவிட்டது என்று பொருள். மார்பை இன்னும் வளைப்பதால் பயனில்லை. முன்முழங்காலை 10 டிகிரி நிமிர்த்தி, கீழ் விலா எலும்புகளை உள்ளே இழுத்தாலே அந்த வலி குறையும்.

இரண்டாம் நிலையில் மேலே சொன்னது அப்படியே செல்லாது. அங்கே கை பக்கவாட்டில் விரியும், இடுப்பும் பக்கவாட்டைப் பார்க்கும். அதை முன்னால் திருப்ப வேண்டியதில்லை. முற்றிலும் பக்கவாட்டிலேயே வைப்பேன் என்று பின்பக்க இடுப்பை வலிந்து இழுத்தால் முன்முழங்கால் கட்டைவிரலைத் தாண்டி உள்ளே சாயும். முழங்கால் இரண்டாவது விரலுக்கு நேராக இருந்தால் போதும், இடுப்பு கொஞ்சம் முன்னே வந்தாலும் பரவாயில்லை.

வெளியே வரும்போதும் கவனம் வேண்டும். எடை தாங்கிய பின்பாதத்தைத் தரையில் தேய்த்துத் திருப்பினால் முழங்காலில் அதே திருகல்தான். முதலில் முன்முழங்காலை நிமிர்த்தி எடையை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பின்குதிகாலைத் தூக்கி விரல்களைத் திருப்புங்கள்.