துணையின் சிறு பொய்கள்: கண்டுபிடித்த பிறகு தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பளம் இன்னும் வரவில்லை என்று கணவர் சொன்ன நாளில் அது வங்கிக் கணக்கில் ஏறிவிட்டிருந்தது பின்னர் தெரியவருகிறது. இதுபோன்ற சிறு பொய்களைத் தனித்தனியாக யாரிடமாவது சொன்னால், "இதற்கெல்லாமா மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்வது?" என்றுதான் பதில் வரும். ஆனால் இத்தகைய பொய்கள் அடுத்தடுத்துப் பிடிபடும்போது, இவரை வேறு எதில் நம்பலாம் என்ற கேள்வி எழுவது இயல்பானது. அதை அற்பமாக நினைக்கத் தேவையில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடும் முறையில்தான் பலர் தவறிவிடுகிறார்கள்.

முதல் தவறு, பொய்களை எண்ணிப் பார்த்து முடிவுக்கு வருவது. அமெரிக்க உளவியலாளர் பெல்லா டிபாலோவும் அவருடைய குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் ஒரு வாரம் தாங்கள் சொன்ன பொய்களைத் தாங்களே நாட்குறிப்பில் எழுதினார்கள். கல்லூரி மாணவர்கள் சராசரியாக நாளுக்கு இரண்டு பொய்களும், மற்ற பொதுமக்கள் நாளுக்கு ஒன்றும் சொன்னதாகப் பதிவாயிற்று. பொய் சொன்னார் என்பதை மட்டும் வைத்து ஒருவரை எடைபோட முடியாது என்பதையே இது காட்டுகிறது. எத்தனை பொய் என்பதைவிட, அவை எதைச் சுற்றி நிற்கின்றன என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இரண்டு மாத இடைவெளியில் ஒரு மனைவிக்குக் கணவரின் ஐந்து பொய்கள் தெரியவருகின்றன. 1,400 ரூபாய்ச் சட்டையை 600 ரூபாய் என்றார். அத்தை செய்த குழம்பு நன்றாக இருந்தது என்று அவரிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து குறை சொன்னார். வந்த சம்பளத்தை வரவில்லை என்றார். சீட்டுப் பணத்தைக் கட்டிவிட்டதாகச் சொன்னார். சீட்டு நடத்துகிறவர் போனில் கேட்டபோதுதான் கட்டவில்லை என்று தெரிந்தது. நண்பருக்கு 3,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்ததாகச் சொன்னார். அந்த நண்பருக்கோ அப்படி ஒன்றே தெரியவில்லை. இவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், குழம்புப் பொய் தானாகவே விலகிவிடும். அது ஒருவர் மனம் நோகாமல் இருக்கச் சொன்னது. சட்டை விலை திட்டுக்குப் பயந்து சொன்னதாக இருக்கலாம். மற்ற மூன்றும் மாதத்தின் முதல் பதினைந்து நாட்களுக்குள், பணத்தைப் பற்றியே சொல்லப்பட்டவை. அவை ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒவ்வொரு மாதமும் எங்கோ ஒரு தொகை போய்க்கொண்டிருக்கிறது, அதை மறைக்கத்தான் புதிய பொய்கள் தேவைப்படுகின்றன என்று அந்தத் தாள் சொல்லிவிடுகிறது. ஐந்து பொய்களும் வெவ்வேறு விஷயங்களைப் பற்றியவையாகச் சிதறிக் கிடந்திருந்தால், முடிவு வேறாக இருந்திருக்கும்.

அடுத்ததாக, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். பார்த்தும் கேட்டும் பொய்யை இனம் காணும் திறன் பற்றிய ஏராளமான ஆய்வுகளைச் சார்லஸ் பாண்டும் டிபாலோவும் 2006-இல் தொகுத்தபோது, மனிதர்களின் கணிப்பு நூற்றுக்குச் சராசரியாக 54 முறைதான் சரியாக இருந்தது. காசு சுண்டிப் பார்ப்பதைவிட அது கொஞ்சமே மேல். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, குரல் தடுமாறியது என்பதையெல்லாம் ஆதாரமாகக் கொண்டால், உண்மை சொல்லும்போதும் பதறுகிற ஒருவர் குற்றவாளியாகிவிடுவார். பதறாமல் பொய் சொல்லத் தெரிந்தவர் தப்பிவிடுவார்.

இதைவிடப் பெரிய சேதத்தை விளைவிப்பது, விடை தெரிந்துகொண்டே கேட்கும் பொறிக் கேள்வி. சீட்டுப் பணம் கட்டவில்லை என்பது உறுதியாகத் தெரிந்த பிறகும், "இந்த மாதச் சீட்டு கட்டியாயிற்றா?" என்று சாதாரணமாகக் கேட்கிறோம். உண்மையைச் சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்பு தருவதாகத்தான் நாம் நினைக்கிறோம். ஆனால் ஏற்கெனவே பயத்தில் இருப்பவர் அந்த நொடியில் பழைய பொய்யையே திரும்பச் சொல்வதற்கு வாய்ப்பு அதிகம், அதன்பின் பேச்சு பணத்தை விட்டுவிட்டு, "என்னைச் சோதித்தாயா?" என்ற சண்டையாக மாறிவிடும். அதற்குப் பதிலாக, தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: "சீட்டுக்காரர் பேசினார், இந்த மாதப் பணம் வரவில்லை என்றார். சம்பளம் வந்த தேதியும் எனக்குத் தெரியும். பணம் எங்கே போகிறது என்று சொல்லுங்கள்." இவ்வளவு சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். பிள்ளைகளோ மாமியாரோ அருகில் இல்லாத நேரமாக அது இருக்கட்டும். மற்றவர் முன்னால் கேட்டால், அவர் விடை சொல்வதை விட்டுவிட்டு மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார்.

அந்தக் கேள்விக்கு வரும் பதிலை நான் பொய்யைவிட முக்கியமாகக் கருதுகிறேன். நம் எடுத்துக்காட்டில் கணவர், தம்பி வாங்கிய கடனுக்குத் தான் ஜாமீன் போட்டதையும், தம்பி கட்டாததால் மாதம் 7,000 ரூபாய் தன் தலையில் விழுந்ததையும், நாம் கேட்காத விவரங்களோடு சேர்த்துச் சொன்னால், சிக்கல் கடனிலும் பயத்திலும் இருக்கிறது. அதைச் சேர்ந்து தீர்க்க வழி உண்டு. நாம் காட்டிய ஆதாரத்தின் அளவுக்கு மட்டும் ஒப்புக்கொண்டு, இன்று 3,000 என்றும் அடுத்த வாரம் ரசீது கிடைத்ததும் 10,000 என்றும் உண்மையைத் தவணை முறையில் தந்தால், நம்பிக்கையின் அடித்தளமே ஆட்டம் கண்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். "நான் அப்படிச் சொல்லவே இல்லை, உனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது" என்று நம் நினைவையே பொய்யாக்கினால், அது அதனினும் மோசமான அடையாளம். கேட்டதற்காக மிரட்டலோ அடியோ வந்தால் அது பொய்யின் எல்லையைக் கடந்துவிட்டது. பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

இவற்றோடு, உண்மையைச் சொன்ன முந்தைய சந்தர்ப்பங்களில் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் யோசித்துப் பார்ப்பது நியாயம். தம்பிக்கு உதவினேன் என்று ஒரு முறை சொன்னதற்கு மூன்று நாள் பேச்சே இல்லாமல் போயிருந்தால், மறுமுறை அவர் மறைத்ததற்கு ஒரு காரணம் புரியும். காரணம் புரிவதால் பொய்யின் பொறுப்பு நம் தலைக்கு மாறிவிடாது. சொன்னவர்தான் அதற்குப் பொறுப்பு.

ஒப்புக்கொண்ட பிறகு, "இனிமேல் பொய்யே சொல்ல மாட்டேன்" என்று பிள்ளைகள் மீது சத்தியம் வாங்குவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். கடன் அப்படியே இருக்க, மறைக்கும் தேவையும் அப்படியே இருக்கும். சரிபார்க்கக்கூடிய ஒன்றைக் கேட்பதுதான் பயன்படும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஒருவர் தமது அறிக்கையைத்தான் எடுக்க முடியும் என்பதால், கணவரே எடுத்துக் காட்டட்டும். வங்கிக் கடன், கார்டு பாக்கி ஆகியவற்றோடு அவர் ஜாமீன் நின்ற கடன்களையும் பெரும்பாலும் அதில் பார்க்கலாம். கந்துவட்டியும் கைமாற்றும் அதில் வராது; அவற்றை அவர் வாயால்தான் சொல்ல வேண்டும், கொடுத்தவரிடம் இருவரும் சேர்ந்து போய்ப் பேசலாம்.

அவருக்குத் தெரியாமல் போனைத் திறந்து பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும். அதனால் சந்தேகம் தீருவதில்லை, மறுநாளும் பார்க்கத்தான் தோன்றும். மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, சம்பளம் ஏறிய மறுநாள் இருவரும் வங்கிக் கணக்கைச் சேர்ந்து பார்ப்பது என்று ஆறு மாதத்துக்கு ஒப்புக்கொள்ளலாம். அந்த ஆறு மாதமும் அவர் தாமாகவே கணக்கை எடுத்து வைக்கிறாரா, அல்லது ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதா என்பதைக் கவனித்து, அதன்பின் முடிவெடுங்கள்.