ஆட்டோ கார், மின்சாரக் கார்: உண்டாங் தேர்வுக்கு முன் கியரையும் ரீஜென் பிரேக்கையும் புரிந்துகொள்வது எப்படி?

மலேசியாவில் கார் ஓட்டும் பயிற்சிப் பள்ளியில் பதியப் போனதுமே D லைசன்ஸா, DA லைசன்ஸா என்று கேட்பார்கள். D எடுத்தால் மேனுவல், ஆட்டோ இரண்டையும் ஓட்டலாம். DA எடுத்தால் ஆட்டோ மட்டும்தான். மின்சாரக் காரில் கிளட்ச் மிதி கிடையாது, ஆகவே அதற்கு DA போதும். உண்டாங் என்னும் சாலை விதித் தேர்வு எல்லாருக்கும் 50 கேள்வி. 42 சரியாக இருந்தால் தேர்ச்சி. கீழே வரும் மாதிரிக் கேள்விகள் நான் பயிற்சிக்காக எழுதியவை. அவற்றை அப்படியே மனப்பாடம் செய்யாதீர்கள். காரணம் புரிந்துவிட்டால் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் பதில் சொல்லிவிடலாம்.

படி 1: எழுத்துகளைப் பழகுங்கள்

P, R, N, D இந்த நான்கும் பெரும்பாலான ஆட்டோ கார்களில் உண்டு. P போட்டால் கியர்பெட்டிக்குள் ஒரு சின்ன இரும்புக் கொக்கி பல்சக்கரத்தில் விழுந்து சக்கரங்களைப் பூட்டிவிடும். R பின்னால், D முன்னால். N-இல் எஞ்சினுக்கோ மோட்டாருக்கோ சக்கரத்தை ஓட்டும் வேலை இல்லை, கொக்கியும் விழாது. அதாவது கார் தன்பாட்டுக்கு உருளும். D-க்குக் கீழே பழைய ஆட்டோ கார்களில் 3, 2, L என்று இருக்கும். சில மின்சாரக் கார்களில், ஹைப்ரிட்களில் B என்று இருக்கும். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: மலை இறங்கும்போது காரைப் பிடித்து வைப்பது.

நிறுத்தும்போது வரிசை முக்கியம். காலால் பிரேக் பிடித்து முழுதாக நிறுத்துங்கள், ஹேண்ட்பிரேக் போடுங்கள், அப்புறம் P. சரிவில் முதலில் P போட்டுவிட்டுக் காலை எடுத்தால் காரின் எடை முழுவதும் அந்தச் சின்னக் கொக்கியில் தொங்கும். திரும்ப எடுக்கும்போது 'டக்' என்று ஓர் உதை கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் வரிசை மாறிவிட்டது என்று அர்த்தம்.

படி 2: கையைப் பார்க்காதீர்கள், திரையைப் பாருங்கள்

பழைய ஆட்டோ காரில் தடி எங்கே நிற்கிறதோ அதுதான் கியர். புதிய மின்சாரக் கார்கள் பலவற்றில் அப்படி இல்லை. குமிழையோ ஸ்டியரிங் பக்கத்துத் தண்டையோ தள்ளிவிட்டால் அது மறுபடி நடுவுக்கே வந்துவிடும். கியர் என்ன என்பதை டேஷ்போர்டில் தெரியும் எழுத்துதான் சொல்லும்.

செந்தூல் பக்கம் ஒரு குறுகலான சந்தில் காரைத் திருப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே, கார் முழுதாக நிற்பதற்குள், அவசரமாக D-க்குத் தள்ளுகிறீர்கள். பல கார்கள் இதை ஏற்காமல் N-க்குப் போய்விடும். நீங்கள் D என்று நினைத்து எக்ஸலரேட்டரை மிதிப்பீர்கள், கார் நகராது, சரிவு இருந்தால் பின்னாலேயே உருளும். பதறிப்போய் இன்னும் மிதிப்பதுதான் ஆபத்து. பிரேக் பிடித்து நிறுத்தி, திரையில் N இருப்பதைப் பார்த்து, பிரேக்கில் கால் வைத்தபடியே மறுபடி D போடுங்கள்.

கிளப்பும்போதும் இதே கதைதான். சத்தம் வராது, ஆகவே கார் ஓடத் தயாரா என்பதைத் திரையில் வரும் `READY` போன்ற அடையாளத்தை வைத்துத்தான் அறிய வேண்டும்.

படி 3: ரீஜென் என்ன செய்கிறது?

ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் என்பதைப் பேச்சில் ரீஜென் என்று சுருக்கிவிடுகிறோம். எக்ஸலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சக்கரம் மோட்டாரைச் சுற்றத் தொடங்கும். மோட்டார் அப்போது ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். அந்த வேலைக்கான இழுப்புதான் காரின் வேகத்தைக் குறைக்கிறது.

இதிலிருந்தே பாதிக் கேள்விகளுக்குப் பதில் வந்துவிடும். அந்த இழுப்பு மோட்டார் சேர்ந்த சக்கரங்களில் மட்டும்தான். N போட்டால் ரீஜென் போய்விடும். கார் நின்றபின் ஒரு சரிவில் அதைப் பிடித்து வைப்பது ரீஜெனின் வேலை இல்லை. திடீரென்று ஒரு பிள்ளை குறுக்கே ஓடினால் காலை எடுப்பது போதாது, பிரேக் மிதியை முழுதாக அழுத்த வேண்டும்.

பிரேக் விளக்கு விஷயம் பலருக்குத் தெரியாது. ஐ.நா.வின் 13-எச் விதிப்படி, மிதியைத் தொடாமல் ரீஜென் மட்டும் வேகத்தைக் குறைக்கும்போது, அது விநாடிக்கு விநாடி 1.3 மீட்டருக்கு மேல் என்றால் பிரேக் விளக்கு எரிந்தே ஆக வேண்டும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஏறக்குறைய 11 விநாடியில் நின்றுபோகும் அளவு அது. 0.7 மீட்டர் வரை எரியக் கூடாது. இடைப்பட்டது உற்பத்தியாளர் விருப்பம். மெதுவான ரீஜெனில் உங்கள் கார் வேகம் குறைவது பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குத் தெரியாமலே போகலாம். ஃபெடரல் நெடுஞ்சாலையில் நான் பிரேக் மிதியை லேசாகத் தொட்டுவிட்டுத்தான் வேகத்தைக் குறைப்பேன்.

படி 4: கெந்திங் இறக்கத்தில் கணக்குப் போடுவோம்

கெந்திங் மலை உச்சி சுமார் 1,800 மீட்டர் உயரம். இறக்கத்தில் தாழ்ந்த கியர் போடச் சொல்லும் பலகைகள் இருக்கும். அவை மின்சாரக் காருக்கும்தான். B இருந்தால் B, இல்லையென்றால் ரீஜென் அளவை உயர்த்திக்கொள்ளுங்கள். காலால் மட்டும் பிரேக்கை விடாமல் பிடித்தால் பிரேக் சூடேறும், தீய்ந்த வாடை வரும், மிதி கீழே இறங்கும். வாடை வந்ததுமே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

சரி, கணக்கு. 1,700 கிலோ கார் 1,000 மீட்டர் இறங்கினால் வெளிவரும் ஆற்றல் 1,700 × 9.8 × 1,000, அதாவது சுமார் 1.67 கோடி ஜூல். யூனிட்டில் சொன்னால் 4.6. காற்று, டயர், மோட்டார் எடுத்துக்கொள்வது போக மூன்று யூனிட் மிஞ்சியது என்றே கொள்வோம். 60 யூனிட் பேட்டரியில் அது ஐந்து சதவீதம்.

இப்போது மேலேயே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்குகிறீர்கள். அந்த மூன்று யூனிட் எங்கே போகும்? பேட்டரியில் இடம் இல்லை. காரே ரீஜெனைக் குறைத்துவிடும். முதல் வளைவில் காலை எடுத்தால் வழக்கமான இழுப்பு இருக்காது. பல கார்கள் திரையில் எச்சரிக்கும், ஆனால் வளைவில் யார் திரையைப் பார்ப்பது! ஆகவே மலைமேல் 90 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துங்கள். ஏற்கெனவே நிறைந்துவிட்டால் வேகத்தை முன்கூட்டியே குறைத்து, பிரேக்கை விட்டு விட்டு அழுத்தி இறங்குங்கள்.

படி 5: உங்களையே சோதியுங்கள்

*நீண்ட இறக்கத்தில் மின்சாரம் மிச்சம் பிடிக்க N போடலாமா?* கூடாது. மிச்சமும் இல்லை, ரீஜெனும் போய்விடும்.

*பேட்டரி நிறைந்த காரில் காலை எடுத்தும் வேகம் குறையவில்லை. பிரேக் பழுதா?* இல்லை, ரீஜென் மட்டும்தான் குறைந்திருக்கிறது. மிதி பிரேக் வழக்கம்போல் வேலை செய்யும்.

*ரீஜென் உள்ள காருக்கு பிரேக் பேட் தேவையா?* தேவை. தேய்வது குறையும், அவ்வளவுதான். நம் ஊர் மழையில் பயன்படாத டிஸ்க்கில் துரு படியும், ஆகவே சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள்.

*பழுதான மின்சாரக் காரை N போட்டுக் கயிறு கட்டி இழுக்கலாமா?* பொதுவாகக் கூடாது. சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றி மின்சாரம் உண்டாக்கலாம். நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிச் செல்லும் லாரியைக் கூப்பிடுங்கள்.