ஏசி உள் யூனிட்டில் தண்ணீர் சொட்டுவது ஏன்?

சில நேரம் ஏசியின் உள் யூனிட்டின் கீழ் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டும். கேஸ் கசிவு என்று பயப்பட வேண்டாம்; அறைக் காற்றின் ஈரம்தான் குளிர்ந்த காயிலில் பட்டு நீராகிறது. அது கீழே உள்ள தட்டில் விழுந்து, டிரெயின் குழாய் வழியாக வெளியே போக வேண்டும். பெரும்பாலும் அந்தக் குழாயில் வழவழப்பான அழுக்கு அடைத்திருக்கும்.

ஏசி ஓடும்போது வெளியே குழாய் முனையைப் பாருங்கள். அங்கே சொட்டே இல்லை என்றால் பெரும்பாலும் அடைப்புதான். ஏசியை அணைத்துவிட்டு, அந்த முனையில் வேக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சலாம்; ஆனால் ஈரத்தையும் உறிஞ்சும் வகையாக இருக்க வேண்டும். உள்ளே காயிலில் பனி படிந்திருந்தால் கதை வேறு: முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள். அப்புறமும் பனி கட்டினால் கேஸ் குறைவாக இருக்கலாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.