மோசமான சாலைக்குக் கார் வாங்குகிறீர்களா? முதலில் டயரைப் படியுங்கள்

ஒரே கார், ஒரே எஞ்சின். ஆனால் விலை குறைந்த வகையில் சின்ன சக்கரமும், விலை கூடிய வகையில் பெரிய அலாய் வீலும் போட்டிருப்பார்கள். குண்டும் குழியுமான சாலையில் அலுங்காமல் போக வேண்டும் என்றால், பெரும்பாலும் அந்த விலை குறைந்த வகையே நல்ல தேர்வு.

படி 1: டயரின் எண்ணைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் 195/65 R15 என்பது போல அச்சிட்டிருக்கும். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் 65 சதவீதம், அதாவது பக்கச்சுவரின் உயரம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பக்கச்சுவர் என்பது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே காற்றை அடைத்து வைத்திருக்கும் ரப்பர் பகுதி.

இப்போது கணக்குப் போடுவோம். 195-இல் 65 சதவீதம் என்றால் சுமார் 127 மி.மீ. அதே காரின் உயர்ந்த வகையில் 225/45 R17 இருப்பதாக வைத்துக்கொள்வோம். 225-இல் 45 சதவீதம் சுமார் 101 மி.மீ. இரண்டு சக்கரங்களின் மொத்த விட்டமும் ஏறத்தாழ 634 மி.மீ. தான். வெளியளவு மாறவில்லை, ரிம் பெரிதான அளவுக்கு ரப்பர் குறைந்துவிட்டது. குழியின் விளிம்பில் மோதும்போது வளைந்து கொடுக்க வேண்டிய இடத்தில் சுமார் 26 மி.மீ. போய்விட்டது.

இது சொகுசோடு நிற்பதில்லை. பக்கச்சுவர் குட்டையாக இருந்தால், குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே ரப்பர் நசுங்கி உள்ளிருக்கும் இழைகள் அறுந்துபோகும். பக்கவாட்டில் ஒரு புடைப்பு எழுந்தால் அதுதான் காரணம். அந்த டயரை மாற்றியே ஆக வேண்டும்.

படி 2: எந்த அதிர்வை யார் தாங்குகிறார்கள்?

ஜல்லி, ஒட்டுப்போட்ட தார், கூரான விளிம்பு போன்ற சின்ன, சட்டென்ற அதிர்வுகளை முதலில் வாங்குவது டயர். பெரிய குழி, வேகத்தடை, மேடு பள்ளம் எல்லாம் சஸ்பென்ஷனின் வேலை. அதில் ஸ்பிரிங் அமுங்கி அடியை வாங்கும். ஷாக் அப்சார்பர் அந்த ஸ்பிரிங் தொடர்ந்து ஆடாமல் அடக்கும்.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்று உண்டு. கிரவுண்ட் கிளியரன்ஸ் அதிகம் என்றால் அடிப்பாகம் தட்டாது, அவ்வளவுதான். சக்கரம் எவ்வளவு தூரம் மேலும் கீழும் போய்வர முடியும் என்பது வேறு அளவு. உயரமான வண்டி ஆடாமல் இருக்க ஸ்பிரிங்கை இறுக்கமாக வைத்திருந்தால், பார்க்கக் கம்பீரமாக இருந்தாலும் உள்ளே தூக்கித்தான் போடும்.

படி 3: பின்பக்கம் குனிந்து பாருங்கள்

இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே கனமான அச்சு இணைத்தால், ஒரு பக்கம் குழியில் இறங்கும்போது மறுபக்கமும் சேர்ந்து சாயும். அச்சின் எடை முழுவதும் சக்கரங்களோடு துள்ளுவதால் ஷாக் அப்சார்பருக்கு அதை அடக்குவது கடினம். சுமை ஏற்ற வடிவமைத்த, பட்டை ஸ்பிரிங் கொண்ட வண்டிகள் காலியாகப் போகும்போது குதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பல சின்னக் கார்களில் உள்ள டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைத்து ஓரளவு முறுக்கிக்கொடுக்கும் தண்டு, நடுத்தரம். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும் மல்டி லிங்க் பொதுவாக இதமானது. ஆனாலும் நன்றாக வடிவமைத்த டார்ஷன் பீம், மோசமாக வடிவமைத்த மல்டி லிங்க்கைவிட மேல். பெயரை மட்டும் நம்பாதீர்கள்.

படி 4: ஓட்டிப் பாருங்கள், பின்சீட்டிலும் உட்காருங்கள்

கிளம்பும் முன், டயர் சூடாகாதபோதே காற்றழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவோடு அது ஒத்துப்போக வேண்டும். காற்று கூடினால் நல்ல காரும் முரடாகத் தெரியும், குறைந்தால் முரட்டுக் காரும் மெத்தென்று தெரியும்.

வழவழப்பான சாலையை விட்டுவிட்டு உடைந்த சாலைக்குப் போங்கள். மணிக்கு 20 முதல் 30 கி.மீ. வேகமே போதும், டயரின் முரட்டுத்தனம் அங்கேதான் தெரியும். அப்புறம் ஒரு வேகத்தடை. தாண்டியதும் கார் ஒருமுறை எழுந்து அமர்ந்தால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பரின் பிடி போதவில்லை. 'டொம்' என்று கேட்டால் சஸ்பென்ஷன் அமுங்க இடமில்லாமல் கடைசிவரை போய் முட்டியிருக்கிறது. முடிந்தால் ஆட்களை நிரப்பி இதையே இன்னொரு முறை செய்யுங்கள். காலி வண்டியில் கேட்காத சத்தம் அப்போது கேட்கும்.

படி 5: உயர்ந்த வகைதான் வேண்டும் என்றால்

அதே காரின் சின்ன ரிம்முக்கு மாறலாமா என்று கேளுங்கள். உயர்ந்த வகையில் பிரேக் பெரிதாக இருந்தால் அந்த ரிம் உள்ளே பொருந்தாமல் போகலாம். மொத்த விட்டம் மாறாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் வேகமானி தப்பாகக் காட்டும். டயரில் அளவுக்குப் பின்னால் வரும் சுமை எண்ணும் தயாரிப்பாளர் சொன்னதைவிடக் குறையக் கூடாது. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும்.